சின்னக் காய்கறிக் கடைக்கு மண்டியில் சரக்கு எடுப்பது எப்படி: எத்தனை மணிக்கு எதை வாங்கலாம்

புதிதாகக் காய்கறிக் கடை போடுகிறவர்களிடம் ஒரு நம்பிக்கை இருக்கிறது. விடிகாலை நாலு மணிக்கே மண்டிக்குப் போய்விட்டால் எல்லாம் மலிவாகக் கிடைக்கும் என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் ஒரு மாதம் தினமும் மூன்றரைக்கு எழுந்து, டிவிஎஸ் எக்ஸ்எல்லை உதைத்து, காரிமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து கிளம்பினேன். மாசக் கடைசியில் கணக்குப் பார்த்தால் தூக்கம்தான் மிச்சம். அதுவும் என் கணக்கில் இல்லை.

நாலு மணிக்குக் கிடைப்பது நல்ல சரக்கு. மலிவான சரக்கு விடிந்த பிறகுதான் கிடைக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் கிடைப்பது அபூர்வம். எந்தக் காய்க்கு எந்த நேரம் என்று தெரிந்துகொண்டால் வாரத்தில் மூன்று நாளோ நான்கு நாளோ போனால் போதும். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கடை வைப்பவர்களுக்காக, தக்காளியை நடுவில் வைத்து எழுதுகிறேன். பாலக்கோட்டிலும் ராயக்கோட்டையிலும் தக்காளிதான் ராஜா. நம் கடைகளில் தினமும் போவதும் அதுதான், காலை வாருவதும் அதுதான்.

முதல் நாள் பையை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்

பணம் எடுக்காமல் போகச் சொல்கிறேன். டீக்குச் சில்லறை போதும். ஒரே மண்டிக்கு மூன்று வெவ்வேறு நாட்களில் மூன்று வேறு நேரங்களில் போய் நில்லுங்கள். நாலரைக்கு ஒரு நாள், ஆறு மணிக்கு ஒரு நாள், எட்டு மணிக்கு ஒரு நாள். ஒவ்வொரு மண்டிக்கும் சரக்கு வந்து சேரும் நேரம் வேறு. சில இடங்களில் விவசாயி முதல் நாள் சாயங்காலமே பறித்து ராத்திரியே கொண்டுவந்து இறக்கிவிடுவார். சில இடங்களில் காலையில் பறித்துக்கொண்டு பிறகுதான் வருவார். இதை வேறு யாரும் சொல்லித் தெரிந்துகொள்வதைவிட நேரில் நின்று பார்ப்பதுதான் சரி. வண்டிகள் எப்போது வரிசை கட்டுகின்றன, ஏலம் எப்போது சூடு பிடிக்கிறது, எப்போது ஆள் கரைகிறது என்று பார்த்தாலே பாதி புரிந்துவிடும்.

இன்னொன்றும் பாருங்கள். ஏலத்தில் சத்தமாக விலை ஏற்றுகிறவர்கள் பெரும்பாலும் லாரிக்கு வாங்குகிறவர்கள். வெளியூருக்கும் வெளி மாநிலத்துக்கும் பெட்டி பெட்டியாக ஏற்றுகிறவர்கள் அவர்கள். அவர்களோடு நாம் போட்டி போட முடியாது, போடவும் வேண்டாம். கிருஷ்ணகிரி பக்கம் போனால் தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து விலை ஓடும். எண்களை மட்டும் காதில் வாங்கப் பழகினால் போதும். ஏலம் முடிந்ததும், குவியலை எடுத்தவரிடமே ஒரு பெட்டி, ரெண்டு பெட்டி பிரித்துக் கேட்கலாம். பெட்டிக்குக் கொஞ்சம் மேலே வைத்துத்தான் தருவார். சின்னக் கடைக்காரருக்கு அதுதான் வழி.

"அண்ணா, இதுல ஒரு பெட்டி மட்டும் தருவீங்களா?"

"மொத்தமா போறதுங்க. சரி, ஓரத்துல இருக்கறத எடுத்துக்குங்க."

ஓரத்தில் இருப்பதை எடுக்காதீர்கள். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

காயை மூன்றாகப் பிரியுங்கள்

மண்டிக்குப் போவதற்கு முந்தின இரவே வேலை தொடங்கிவிடுகிறது. கடையை மூடும்போது மிச்சம் இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு விடாமல் தராசில் போட்டு நிறுத்து எழுதிவையுங்கள். 'கொஞ்சம் இருக்கிறது' என்று எழுதினால், அடுத்த நாள் காலை இருட்டில் மண்டியில் நிற்கும்போது அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று தெரியாது.

அன்றைக்கே தீர வேண்டியவை முதல் வகை: கீரை, கொத்தமல்லி, புதினா, கறிவேப்பிலை. இவற்றைக் கடை திறப்பதற்கு முன் வாங்கியாக வேண்டும். எட்டு மணிக்கு மேல் கொத்தமல்லி விலை சரியும். ஆனால் வீட்டுக்காரர்கள் சாம்பாருக்கு வாங்க வருவது ஏழு மணிக்கு. மலிவாக வாங்கிய கட்டு மதியம் வரை கூடையில் வாடிக்கொண்டு கிடக்கும். எனவே கீரையில் விலை பார்க்க வேண்டாம், நேரம் பாருங்கள். குறைவாக வாங்குங்கள். தீர்ந்துபோனால் போகட்டும்.

இரண்டு மூன்று நாள் தாங்குபவை அடுத்த வகை: தக்காளி, கத்தரி, வெண்டை, பீன்ஸ், அவரை. ஒரு சின்னக் கடையின் லாபமும் நஷ்டமும் இங்கேதான் முடிவாகும். இதற்கு ஐந்தரையிலிருந்து ஆறரைக்குள் போவது எனக்குச் சரியாக வந்திருக்கிறது. அதற்குள் லாரிக்காரர்களின் அவசரம் ஓய்ந்திருக்கும், தரமான சரக்கும் இன்னும் கிடக்கும், முக்கியமாக வெளிச்சம் வந்திருக்கும். குழல் விளக்கில் எல்லாத் தக்காளியும் சிவப்புதான்.

கடைசி வகை வாரக்கணக்கில் இருப்பவை: பெரிய வெங்காயம், உருளை, பூண்டு, பூசணி, சேனை. இவற்றுக்காக விடிகாலையில் எழுவது வீண். வெங்காய மண்டிக்காரர் நெரிசல் நேரத்தில் உங்கள் ஒரு மூட்டைக்காக நின்று பேச மாட்டார். கூட்டம் குறைந்த பிறகு போனால் மூட்டை வாயைப் பிரித்துக் காட்டுவார், கையை விட்டு அடியிலிருந்து எடுத்துப் பார்க்க விடுவார். கழுத்து காய்ந்து இறுகியிருக்கிறதா, கறுப்புப் பொடி ஒட்டுகிறதா, மூட்டைக்குள் அழுகல் வாடை வருகிறதா என்று பாருங்கள். புது வெங்காயம் வரும் பருவத்தில் ஈரம் இருக்கும். ஐம்பது கிலோ மூட்டை ஒரே வாரத்தில் சில கிலோ எடை இறங்கிவிடும். அப்போது அரை மூட்டை கேளுங்கள்.

மளிகையும் இப்படித்தான். பருப்பு, சர்க்கரை, வெல்லத்துக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார் பக்கம் போகிறவர்கள் பகலில் நிதானமாகப் போகலாம். மண்டிப் பயணத்தோடு அதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஒரு பெட்டி தக்காளியைப் பார்ப்பது

தக்காளி பிளாஸ்டிக் பெட்டியில் வரும். மண்டிப் பேச்சில் கிரேடு என்பார்கள். பெட்டிக்கு இத்தனை கிலோ என்று ஊருக்கு ஊர் ஒரு கணக்கு உண்டு. விலையைக் கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது, "பெட்டியோட எத்தனை கிலோ, பெட்டி இல்லாம எத்தனை?" பக்கத்து ஊரில் பெட்டி முன்னூறு, இங்கே நானூறு என்று விலையை மட்டும் ஒப்பிட்டுக் கோபப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பெட்டியும் ஒரே அளவா என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

அடுத்தது, அடியைப் பார்ப்பது. மேலடுக்கில் நல்ல பழத்தை அடுக்குவது பழைய வித்தை. ஒருமுறை வேறொரு ஊர் மண்டியில் மேலே மாலை போட்டு வைத்தது போலிருந்த பெட்டியை அப்படியே கட்டிக்கொண்டு வந்தேன். கடையில் கவிழ்த்தபோது கீழ்ப்பாதி முழுக்க வெடித்த பழம். திரும்பப் போய்ச் சொன்னதற்கு, "எடுக்கும்போது பார்த்திருக்கணும்" என்றார்கள். நியாயமான பதில்தான். அன்றிலிருந்து என் காலிப் பெட்டியைக் கொண்டுபோய், வாங்கிய இடத்திலேயே மாற்றிக் கொட்டுகிறேன். கொட்டும்போது அடி மேலே வந்துவிடும். பெட்டிக்கு முன்பணம் கட்டுகிற தொல்லையும் இல்லை. கொட்டக் கூடாது என்கிறவரிடம் வாங்காதீர்கள்.

குவியலின் ஓரத்துப் பெட்டிகளை ஏன் வேண்டாம் என்றேன் என்றால், இறக்கும்போது இடிபடுவது அவைதான், மற்றவர்கள் கையை விட்டுப் பொறுக்கிப் பார்த்துவிட்டு விட்டதும் அவைதான்.

பழத்தில் பார்க்க வேண்டியது காம்படியை. மழை பெய்த மறுநாள் வரும் தக்காளியில் காம்பைச் சுற்றி வட்டமாகவோ கீழ்நோக்கிக் கோடாகவோ வெடிப்பு இருக்கும். வெடிப்பு காய்ந்து தழும்பாகிவிட்டிருந்தால் ஒரு நாள் தாங்கும். ஈரமாக இருந்தால் மாலைக்குள் ஒழுகத் தொடங்கும், பக்கத்துப் பழத்தையும் கெடுக்கும். பெட்டிக்கு மேல் குனிந்தால் லேசாகப் புளித்த வாடை வந்தால் உள்ளே எங்கோ ஒன்று உடைந்திருக்கிறது. நாட்டுத் தக்காளிக்கு ருசி அதிகம், கேட்டு வாங்குவார்கள், ஆனால் தோல் மெல்லியது. அதை ஒரு நாள் சரக்காகவே கணக்கு வையுங்கள்.

இன்னொரு பழக்கமும் பயன் தரும். ஒரே பெட்டியில் எல்லாம் பழுத்ததாக எடுக்காமல், பாதி பழம், பாதி செங்காய் என்று எடுப்பது. லாரிக்குப் போகிற சரக்கு பெரும்பாலும் செங்காய்தான், வழியில் பழுக்கட்டும் என்று. வியாழக்கிழமை இரண்டு பெட்டி எடுத்தால் பழத்தை வெள்ளிக்குள் விற்கலாம். செங்காய் சனி, ஞாயிறுக்குப் பழுத்துக் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை மண்டிக்குப் போக வேண்டியதில்லை. செங்காயைத் தட்டில் பரப்பி வையுங்கள், சாக்கில் மூடாதீர்கள். கீரைக்குத் தெளிக்கிற தண்ணீரை இதன்மேல் தெளிக்கவே கூடாது.

கிலோ அடக்கம் எவ்வளவு

இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். கீழே உள்ள விலைகள் கணக்குக்காக வைத்தவை, இன்றைய சந்தை விலை இல்லை.

ஆறு மணிக்கு ஒரு பெட்டி 400 ரூபாய்க்கு வாங்கினேன் என்று வையுங்கள். 25 கிலோ என்றார்கள். 400-ஐ 25-ஆல் வகுத்தால் கிலோ 16 ரூபாய். இருபதுக்கு விற்றால் கிலோவுக்கு நாலு ரூபாய் லாபம் என்று மனசு சொல்லும்.

பெட்டியோடு நிறுத்தால் 26.2 கிலோ. காலிப் பெட்டி 1.8 கிலோ. ஆக பழம் 24.4 கிலோ. ஏற்றுக்கூலி 10 ரூபாய், பெட்ரோலில் இந்தப் பெட்டியின் பங்கு 30 ரூபாய். மொத்தச் செலவு 440. கடையில் கொட்டிப் பிரித்தால் வெடித்ததும் நசுங்கியதும் 1.4 கிலோ. மிச்சம் 23 கிலோ. இரண்டு நாளில் சுருங்கியும் கெட்டும் 1.5 கிலோ போகும். மிச்சம் 21.5. அதில் 2.5 கிலோ குட்டிப் பழமும் தழும்புப் பழமும். அதைக் கிலோ பத்து ரூபாய் என்று தள்ளினால் 25 ரூபாய். முழு விலைக்குப் போகிறது 19 கிலோ மட்டும்.

440-இல் 25 கழித்தால் 415. அதை 19-ஆல் வகுத்தால் கிலோ அடக்கம் கிட்டத்தட்ட 22 ரூபாய். பதினாறு என்று நினைத்தது இருபத்திரண்டாக வந்து நிற்கிறது. இருபதுக்கு விற்றிருந்தால் அந்தப் பெட்டியில் 35 ரூபாய் கையை விட்டுப் போயிருக்கும். இருபத்தாறுக்கு விற்றால் 79 ரூபாய் நிற்கும், இருபத்தெட்டுக்கு விற்றால் 117. இது நம் உழைப்புக்கும் கடை வாடகைக்கும் முன்னால் வருகிற பணம்.

சரி, எட்டு மணிக்குப் போனால்? அதே மண்டியில் மிஞ்சிய பெட்டி 280 ரூபாய்க்கு வருகிறது. கூலியும் பெட்ரோலும் சேர்த்து 320. எடை அதே 24.4 என்றே வைப்போம். ஆனால் இது பலர் கை பட்ட பெட்டி. பிரிக்கும்போதே 5.4 கிலோ போகிறது. 19 கிலோ மிச்சம். இரண்டு நாளில் இன்னும் 3 கிலோ. 16 கிலோவில் 5 கிலோ பத்து ரூபாய்ச் சரக்கு, அதற்கு 50 ரூபாய். முழு விலைக்கு 11 கிலோதான். 320-இல் 50 போக 270, அதை 11-ஆல் வகுத்தால் கிலோ இருபத்து நாலரை ரூபாய். 120 ரூபாய் மலிவாக வாங்கிய பெட்டிதான் அதிக அடக்கத்தில் வந்து நிற்கிறது.

எட்டு மணிப் பெட்டி எப்போதும் நஷ்டம் என்று சொல்லவில்லை. பக்கத்தில் ஒரு மெஸ் இருந்து, "அக்கா, ரசத்துக்கும் சட்னிக்கும் பத்துக் கிலோ, எப்படியிருந்தாலும் பரவாயில்லை" என்று அன்றைக்கே எடுத்துக்கொண்டால் அதே பெட்டி லாபம். வாங்க ஆள் தயாராக இருந்தால் மட்டும் எட்டு மணிக்குப் போங்கள்.

கழிவு எவ்வளவு என்று என் எண்ணை நம்ப வேண்டாம். முதல் பத்துப் பெட்டிக்காவது தூக்கிப் போடுவதை நிறுத்து எழுதுங்கள். கோடையில் ஒன்று, மழைக்காலத்தில் ஒன்று என்று உங்கள் கடைக்கான எண் கிடைத்துவிடும்.

விலை ஏறும் நாட்கள்

நாட்காட்டியைப் பார்க்காமல் மண்டிக்குப் போகக் கூடாது. அமாவாசைக்கு முந்தின நாள் பூசணி, வாழைக்காய், அவரை, வாழை இலை ஏறும். புரட்டாசியில் பலர் கறி விடுவதால் காய் முழுக்கவே இறுக்கமாக இருக்கும், சனிக்கிழமைக்கு இன்னும் இறுக்கம். அடுத்தடுத்து முகூர்த்தம் வருகிற வாரத்தில் சமையல்காரர்கள் மொத்தமாகத் தூக்கிவிடுவார்கள். இப்படிப்பட்ட நாட்களுக்குத் தாங்குகிற காயை இரண்டு நாள் முன்னதாகவே வாங்கி வைத்துக்கொள்ளலாம். தாங்காததைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

வாரச்சந்தையும் கணக்கில் வர வேண்டும். காரிமங்கலத்தில் செவ்வாய், போச்சம்பள்ளியில் ஞாயிறு. சந்தையன்று உங்கள் வாடிக்கையாளர் பை எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுவார். அதே நேரம் சந்தையில் கடை விரிக்கிறவர்கள் அன்று காலை மண்டியில் அதிகம் வாங்குவதால் நமக்கு விலையும் கூடும். விற்பனை குறைவு, விலை அதிகம். செவ்வாய்க்கிழமை நான் மண்டிக்கே போவதில்லை, தூங்குகிறேன்.

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியதே, அப்போது முழுப் பெட்டி வாங்கியவர்களில் பலர் மாட்டிக்கொண்டார்கள். விலை உச்சத்தில் இருக்கும்போது கால் கிலோவுக்கு மேல் யாரும் வாங்குவதில்லை. பாதிப் பெட்டி கெட்டுப்போனால் போவது பெரிய தொகை. நானும் பக்கத்துக் கிராமத்துக் கடைக்காரரும் ஒரு பெட்டியைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். அந்தப் பழக்கம் இன்னும் தொடர்கிறது. இப்போது வாரம் ஒருமுறை இருவரும் சேர்ந்து ஒரு குட்டி யானையை வாடகைக்குப் பிடித்து வெங்காயமும் உருளையும் ஏற்றி வருகிறோம்.

விலை கொள்ளையா, நியாயமா என்று சந்தேகம் வந்தால் உழவர் சந்தை விலைப்பலகையைப் பாருங்கள். காலையில் எழுதிப்போடுவார்கள். மொத்த விலைக்குச் சற்று மேலே, சில்லறை விலைக்குக் கீழே நிற்கிற விலை அது. அங்கே விற்பது விவசாயிகள், வாங்குவது வீட்டுக்காரர்கள். கடைக்குச் சரக்கெடுக்க அது இடமில்லை, அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். உங்கள் அடக்க விலையே பலகை விலையைத் தாண்டினால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது.

வண்டி ஏற்றுவது, சீட்டு, பாக்கி

மண்டிக்குள் நுழைந்ததும் வாங்காதீர்கள். ஒரு சுற்று சும்மா நடந்து மூன்று இடத்தில் விலை கேளுங்கள். பிறகு கனமானதைப் பேசி முடித்து ஓரமாக வைக்கச் சொல்லுங்கள், தக்காளியைப் பாருங்கள், கீரையைக் கடைசியாக எடுங்கள். வண்டியிலும் அதே வரிசை. வெங்காயம் அடியில், தக்காளிப் பெட்டி அதன்மேல், கீரை ஈரச்சாக்கில் எல்லாவற்றுக்கும் மேலே. எக்ஸ்எல்லில் இரண்டு பெட்டிக்கு மேல் கட்டாதீர்கள். மூன்றாவது பெட்டியை அழுத்திக் கட்டும்போது அடிப்பெட்டியில் நசுங்குகிற பழத்தின் விலை, இன்னொரு முறை போய்வருகிற பெட்ரோலைவிட அதிகம்.

முதல் இரண்டு மாதம் ரொக்கம் கொடுங்கள். அப்புறம் அவர்களே, "நாளைக்குக் குடுங்கண்ணா, போங்க" என்பார்கள். பாக்கி வைத்தவர் அடுத்த நாள் அந்தக் கடையைத் தாண்டி வேறு இடத்தில் வாங்க முடியாது. அவர் கொடுப்பதையே எடுக்க வேண்டிவரும், கொட்டிப் பார்க்கிறேன் என்று சொல்லவும் வாய் வராது. கடன் வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் வெங்காயத்துக்கு வாங்குங்கள், தக்காளிக்கு வேண்டாம்.

துண்டுச் சீட்டு கேட்டு வாங்குங்கள். தேதி, காய், எடை, பெட்டி எண்ணிக்கை, தொகை இருந்தால் போதும். அவர்கள் பெட்டியில் எடுத்து வந்திருந்தால் காலிப் பெட்டி எத்தனை திருப்ப வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். மறுநாள் மண்டிக்குக் கிளம்பும்போது முதலில் வண்டியில் ஏற வேண்டியது அந்தக் காலிப் பெட்டிகள்.